மிச்சமான 312 யூரோ: ஃபாரெக்ஸ் கார்டில் பணம் எங்கே குறைந்தது?

"பாரிஸ், ஜூரிக், ஆம்ஸ்டர்டாம் போய்வர ஃபாரெக்ஸ் கார்டில் 1,500 யூரோ ஏற்றினேன். யூரோவுக்கு 101 ரூபாய் போட்டார்கள், அன்று கூகுளில் 98.50தான். ஜூரிக் ஓட்டலில் 180 பிராங்க் பில்லுக்கு 200.55 யூரோ எடுத்திருக்கிறது. ஊருக்கு வந்த மறுநாள் 312 யூரோ மிச்சம் காட்டியது, முழுவதையும் திருப்பிக் கேட்டேன். 31,500 ரூபாய் வரும் என்று பார்த்தால் முதலில் 22,273, மூன்று வாரம் கழித்து 7,013. சீட்டில் 232 யூரோ 96.20க்கு, 73.60 யூரோ 95.90க்கு, ஜிஎஸ்டி தலா 45 என்று இருக்கிறது. நடுவில் 6.40 யூரோ ஏதோ பிடித்திருக்கிறார்கள். யாராவது விளக்க முடியுமா? எடுக்காமல் கார்டிலேயே விட்டிருக்கலாமா?"

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 312 யூரோவை 101ஆல் பெருக்கினால் 31,512 ரூபாய். உங்கள் கைக்கு வந்தது 29,286 ரூபாய் 64 காசு. குறைந்தது 2,225 ரூபாய் சொச்சம். இதில் 1,489 ரூபாய் நீங்கள் வாங்கிய விலைக்கும் அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்ட விலைக்கும் உள்ள வித்தியாசம். 646 ரூபாய் அந்த 6.40 யூரோ. மீதி 90 ரூபாய் இரண்டு தவணைக்கும் சேர்த்து ஜிஎஸ்டி. கூட்டிப் பாருங்கள், காசு பிசகாமல் வரும். ஆக யாரும் உங்கள் பணத்தை அமுக்கவில்லை. ஆனால் எல்லாம் தவிர்க்க முடியாத செலவும் இல்லை.

ஒரே நாளில் ஒரே வங்கியில் யூரோவுக்குப் பல விலைகள் இருக்கும். கூகுளில் பார்ப்பது வங்கிகள் தங்களுக்குள் கோடிக்கணக்கில் வாங்கி விற்கும் விலையின் நடுப்புள்ளி. அந்த விலைக்கு உங்களுக்கும் எனக்கும் யாரும் தரமாட்டார்கள். ஸ்டேட் பாங்க் தினமும் வெளியிடும் விலைப்பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் `FOREX TRAVEL CARD SELL` என்று ஒரு கட்டம், `FOREX TRAVEL CARD BUY` என்று பக்கத்திலேயே இன்னொன்று. வாங்குவது, விற்பது எல்லாமே வங்கியின் பார்வையில். கார்டில் ஏற்றும்போது வங்கி உங்களுக்கு யூரோ விற்கிறது, அதனால் உயர்ந்த விலை. ரீஃபண்ட் கேட்கும்போது உங்களிடமிருந்து வாங்குகிறது, அதனால் தாழ்ந்த விலை. பாத்திரக்கடையில் புதுக் குடத்துக்கு ஒரு விலையும் பழைய குடத்தைப் போட்டால் ஒரு விலையும் சொல்வதைப் போலத்தான். உங்களுக்கு இந்த இடைவெளி முதல் தவணையில் 4.80, இரண்டாவதில் 5.10. கார்டில் ஏற்றிச் செலவழிக்காமல் திருப்பிய ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஐந்து ரூபாய் போல போயிருக்கிறது.

நீங்கள் ரீஃபண்டைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் பெரிய தொகை போனது ஏற்றிய அன்றைக்கு. 98.50க்கும் 101க்கும் நடுவில் யூரோவுக்கு இரண்டரை ரூபாய், 1,500 யூரோவுக்கு 3,750 ரூபாய். ரசீதில் இது கட்டணம் என்று எங்கும் வந்திருக்காது, விலைக்குள்ளேயே கரைந்துவிட்டது. 'கார்டு இலவசம், ஏற்றும் கட்டணம் பூஜ்யம்' என்று சொல்லும் இடங்களில் இதைத்தான் பார்க்க வேண்டும். 300 ரூபாய் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டு விலையில் ஒரு ரூபாய் கூட்டினால் 1,500 யூரோவில் அவர்களுக்கு 1,200 ரூபாய் லாபம். அதனால் நான் விலை கேட்பதே இல்லை. 'என் கார்டில் 1,500 யூரோ ஏற, எல்லாம் சேர்த்து என் கணக்கிலிருந்து எத்தனை ரூபாய் போகும்?' என்று மட்டும் கேட்பேன். ஒரே மணிநேரத்துக்குள் மூன்று இடத்தில் கேட்டால் போதும். விலை நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருப்பதால் காலையில் ஒருவரிடமும் மாலையில் ஒருவரிடமும் கேட்டு ஒப்பிடுவதில் பயன் இல்லை. இரண்டாவது இடத்தில் கிடைத்த தொகையை முதல் இடத்தில் சொன்னால், குறிப்பாக நாணய மாற்று நிறுவனங்களில், ஐம்பது பைசாவாவது இறங்குவார்கள்.

ஜிஎஸ்டியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், இங்கே பலருக்குத் தேவையில்லாத பயம் இருக்கிறது. 18 சதவீதம் என்றதும் முழுத் தொகைக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. ஒரு லட்சம் வரை தொகையின் ஒரு சதவீதத்தை 'சேவையின் மதிப்பு' என்று வைத்து, அதன்மேல் 18 சதவீதம். அந்த மதிப்பு குறைந்தது 250 ரூபாய், அதனால் எவ்வளவு சின்னத் தொகையை மாற்றினாலும் 45 ரூபாய் வரி உண்டு. உங்கள் இரண்டு தவணையிலும் வந்த 45 அதுதான். ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை ஆயிரம் ரூபாயோடு, லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு அரை சதவீதம். நீங்கள் ஏற்றிய 1,51,500க்கு இந்தக் கணக்கில் வரி 226 ரூபாய் வரும், ரசீதில் சரிபாருங்கள். வெளிநாட்டுச் செலவுக்குப் பணம் ஏற்றும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரியான டிசிஎஸ் உங்களுக்குப் பொருந்தாது. சுற்றுலாவுக்காக ஏற்றுவதில் ஒரு நிதியாண்டில் பத்து லட்சத்தைத் தாண்டும் தொகைக்குத்தான் அது. அப்படிப் பிடித்ததும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக் கூடியதே.

சரி, ஏற்றியாயிற்று. பாரிஸிலும் ஆம்ஸ்டர்டாமிலும் உங்களுக்கு எந்தக் குறையும் வந்திருக்கக் கூடாது. கார்டுக்குள் ஒவ்வொரு நாணயத்துக்கும் வாலட் என்று ஒரு தனி அறை. யூரோ வாலட்டில் யூரோ, கடையிலும் யூரோ. பத்து யூரோ பில்லுக்குப் பத்து யூரோதான் குறையும், அந்த நாளில் ரூபாய் என்ன ஆனது என்பது உங்களைத் தொடாது. கார்டின் உண்மையான பயன் இதுதான். ஆனால் அங்கே ஒரு கண்ணி உண்டு. கார்டு இந்தியாவில் கொடுக்கப்பட்டது என்று கடையின் மெஷினுக்குத் தெரியும். திரையில் `EUR` என்றும் `INR` என்றும் இரண்டு தொகை காட்டி எது வேண்டும் என்று கேட்கும். ரூபாயில் பார்த்தால் நமக்குச் சட்டென்று புரிகிறதே என்று பலர் அதைத் தொட்டுவிடுகிறார்கள். அப்போது கடைக்காரரின் வங்கி யூரோவை ரூபாயாக்கித் தன் லாபத்தை வைத்துக்கொள்ளும். நம் கார்டில் ரூபாய் இல்லாததால் அந்த ரூபாய் மறுபடி யூரோவாகி வாலட்டிலிருந்து கழியும், அதற்கு இன்னொரு மாற்றுக் கட்டணம். மாற்றமே தேவைப்படாத இடத்தில் இரண்டு மாற்றம். ஸ்டேட்மெண்டில் யூரோ நாட்டுக் கடை ஒன்றுக்கு எதிரே ரூபாய்த் தொகை தெரிந்தால் இது நடந்திருக்கிறது என்று பொருள். ஏடிஎம்மில் இதே கேள்வி இன்னும் தந்திரமாக வரும், 'மாற்றத்தை ஏற்கிறீர்களா' என்று கேட்கும். மறுத்தாலும் பணம் வரும், தைரியமாக மறுக்கலாம்.

ஜூரிக் கதை வேறு. உங்களிடம் யூரோ இருந்தது, ஓட்டல் பிராங்க் கேட்டது. கார்டு நிறுவனம் தன் விலைக்கு 180 பிராங்கை 192.60 யூரோவாக மாற்றியிருக்கும். அதன்மேல் உங்கள் கார்டுக்காரர் வேற்று நாணயக் கட்டணம் மூன்றரை சதவீதம், அதாவது 6.74 யூரோ. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 1.21. மொத்தம் 200.55. உங்கள் எண்ணோடு அச்சாக ஒத்துப்போகிறது, அதனால் இப்படித்தான் நடந்தது என்று துணிந்து சொல்கிறேன். கூடுதலாகப் போனது 7.95 யூரோ, ஏறக்குறைய 800 ரூபாய்.

பிராங்க் வாலட் ஒன்றைத் தனியாக ஏற்றியிருந்தால் இது மிஞ்சியிருக்குமா? மிஞ்சியிருக்கும். ஆனால் எல்லோருக்கும் அதைச் சொல்லமாட்டேன். ஓட்டல் பில் தொகை முன்பே தெரியும், அதற்கு மட்டும் 180 பிராங்க் ஏற்றுவது புத்திசாலித்தனம். 'எதற்கும் இருக்கட்டும்' என்று 400 பிராங்க் ஏற்றினால், திரும்பும்போது யூரோவில் ஒரு மிச்சம், பிராங்கில் ஒரு மிச்சம். இரண்டுக்கும் தனித்தனியே தாழ்ந்த விலை, தனித்தனியே 45 ரூபாய் வரி. வாலட்டுக்குள்ளேயே யூரோவைப் பிராங்காக மாற்றும் வசதி செயலியில் இருக்கும். அதுவும் இலவசம் இல்லை, அவர்கள் வைத்த விலைக்குத்தான் மாறும். உறுதி செய்யும் முன் எத்தனை யூரோவுக்கு எத்தனை பிராங்க் என்று திரையில் காட்டுவதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்போது அந்த 6.40க்கு வருகிறேன். ஆம்ஸ்டர்டாமில் கடைசி நாள் ரயிலிலோ டிராமிலோ கார்டையே தட்டி உள்ளே போய், இறங்கும்போது மறுபடி தட்டினீர்களா? அப்படியானால் அதுதான். நெதர்லாந்தில் கார்டைத் தட்டிப் பயணம் செய்யும்போது வாயிலில் இருக்கும் மெஷினுக்குக் கட்டணம் எவ்வளவு என்று தெரியாது. எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்கினீர்கள் என்பதை வைத்து அன்றைய பயணங்களை எல்லாம் கூட்டி, பிறகுதான் தொகை கார்டுக்கு வரும். நீங்கள் விமானம் ஏறி வீட்டுக்கு வந்து 312 என்று பார்த்தபோது இந்த 6.40 வழியில் இருந்திருக்கிறது. ஓட்டல் அறையில் எடுத்த தண்ணீர் பாட்டில், வாடகைக் காரின் சுங்கக் கட்டணம் இவையும் இப்படித்தான் தாமதமாக வந்து நிற்கும்.

312இல் முதலில் 232ஐ மட்டும் தந்து மீதி 80 யூரோவை அவர்கள் நிறுத்தி வைத்ததன் காரணமும் இதுவே. இதற்கு விதியே உண்டு. சில நிறுவனங்கள் கடைசிச் செலவிலிருந்து பத்து நாள் ஆனால்தான் மிச்சத்தைத் தருவோம் என்று இழுத்துக்கொண்டிருந்ததால் 2012இல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. கேட்ட உடனே மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். ஏற்கெனவே அனுமதி வாங்கி இன்னும் கணக்கு முடியாத தொகைகளையும், வழியில் இருக்கக் கூடியவற்றுக்காக 100 டாலருக்கு மிகாத ஒரு சின்னத் தொகையையும் மட்டும், அந்தக் கணக்கு முடியும்வரை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் ரூபாயில் கட்ட வேண்டிய கட்டணத்தையும் வரியையும் கழித்துக்கொள்ளலாம். 80 யூரோ இந்த எல்லைக்குள் அடங்கும். 312ஐயும் மூன்று வாரம் நிறுத்தியிருந்தால் நீங்கள் சண்டை போடலாம். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். உங்கள் விஷயத்தில் எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை, 6.40 வந்து முடிந்த பிறகும் மீதி 73.60 வர மூன்று வாரம் ஆனதுதான். ஒரு போன் போட்டிருந்தால் முன்னாலேயே வந்திருக்கலாம். சும்மா இருந்தால் அவர்களும் சும்மா இருப்பார்கள்.

இரண்டு தவணைக்கும் விலை வேறுவேறாக இருப்பது ஏன் என்றால், ரீஃபண்டுக்கு நீங்கள் படிவம் கொடுத்த நாளின் விலை இல்லை, அவர்கள் அதை எடுத்து முடித்த நாளின் விலை. 96.20க்கும் 95.90க்கும் இடையில் 73.60 யூரோவுக்கு 22 ரூபாய்தான் வித்தியாசம், விடுங்கள். பெரிய தொகையாக இருந்தால் எந்த நாள் விலை என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதைவிட மோசமாக மாட்டியிருக்கலாம், நான் மாட்டினேன். ஒரு ஊரில் ஓட்டலில் சேரும்போது முன்பணமாக 200 யூரோவை இந்தக் கார்டில் நிறுத்தி வைத்தார்கள். கிளம்பும்போது பில்லை ரொக்கமாகக் கட்டிவிட்டேன். நிறுத்தி வைத்ததை அவர்கள் விடுவிக்கவே இல்லை, நானும் கேட்கவில்லை. ஊருக்கு வந்து பார்த்தால் கார்டில் 200 குறைவாகக் காட்டுகிறது, ஆனால் ஸ்டேட்மெண்டில் செலவு என்று எதுவும் இல்லை. பணம் ஓட்டலுக்கும் போகவில்லை, எனக்கும் இல்லை, நடுவில் தொங்குகிறது. கெடு முடிந்து தானாக அவிழ ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. கிரெடிட் கார்டாக இருந்திருந்தால் அது வரம்பில் ஒரு சின்ன ஓட்டை, அவ்வளவுதான். இந்தக் கார்டில் அது நம் கைப்பணம். அதிலிருந்து ஓட்டல் முன்பணம், வாடகைக் கார், ஆளில்லாத பெட்ரோல் பங்க் மூன்றுக்கும் கிரெடிட் கார்டையே நீட்டுகிறேன். செயலியில் 'இருப்பு' என்று ஒன்றும் 'பயன்படுத்தக் கூடிய இருப்பு' என்று ஒன்றும் தனித்தனியாகக் காட்டினால் இரண்டையும் கழித்துப் பாருங்கள், தொங்கும் தொகை தெரிந்துவிடும். அது பூஜ்யமான பிறகு ரீஃபண்ட் கேட்டால் ஒரே தவணையில் முடிய வாய்ப்பு அதிகம், ஒரு 45 ரூபாயும் மிச்சம்.

எடுக்காமல் விட்டிருக்கலாமா என்று கேட்டீர்கள். ஓராண்டுக்குள் யூரோ நாட்டுக்கு மறுபடி போவதாக இருந்தால், விட்டிருக்கலாம் என்பேன். இன்று 96க்குக் கொடுத்துவிட்டு அப்போது 101க்கோ அதற்கு மேலோ திரும்ப வாங்குவதில் அர்த்தம் இல்லை. போகும் திட்டம் இல்லை என்றால், யூரோ ஏறும் என்று காத்திருப்பது சூதாட்டம்தான். அவர்கள் வாங்கும் விலை 101ஐத் தொட யூரோ ஐந்து ரூபாய் ஏற வேண்டும், அதற்குள் வேறு இரண்டு விஷயங்கள் உங்களுக்கு எதிராக ஓடும். பல கார்டுகளில் சில மாதம் எந்தப் பரிவர்த்தனையும் இல்லாவிட்டால் மிச்சத்திலிருந்தே ஒரு கட்டணத்தை அவ்வப்போது கழிப்பார்கள். கட்டண அட்டவணையின் கடைசி வரிகளில் அது இருக்கும். அப்புறம் கார்டின் காலாவதித் தேதி. தேதி முடிந்தாலும் பணம் உங்களுடையதுதான், ஆனால் புதுக் கார்டு வாங்கி மாற்றவோ படிவம் கொடுத்து மீட்கவோ அலைய வேண்டும். சட்டப்படி, திரும்பி வந்து 180 நாளுக்குள் மிச்ச வெளிநாட்டுப் பணத்தை ஒப்படைக்க வேண்டும். 2,000 டாலர் வரை நோட்டாகவோ பயணக் காசோலையாகவோ அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கார்டு கொடுப்பவர்களும் பொதுவாக இதே எல்லையைத்தான் சொல்வார்கள். உங்கள் 312 யூரோ அதன் பக்கத்தில்கூட வராது.

உண்மையில் மிச்சத்தைச் சமாளிக்க நல்ல இடம் நம் ஊர் வங்கி இல்லை, அங்கேயே கடைசி ஓட்டலின் வரவேற்பு மேசை. கிளம்பும் காலையில் கார்டில் 312 இருக்கிறது, பில் 390 என்று வையுங்கள். 'இந்தக் கார்டில் 290 எடுத்துக்கொள்ளுங்கள், மீதியை இன்னொரு கார்டில் தருகிறேன்' என்று சொன்னால் ஓட்டல்களில் பொதுவாகத் தயங்காமல் செய்வார்கள். 22 யூரோவை வேண்டுமென்றே விடுகிறேன், அந்த டிராம் கட்டணம் போல ஏதாவது வந்தால் இருப்பு போதாமல் சிக்கக் கூடாது என்பதற்காக. மொத்தப் பில்லையும் ஒரே கார்டில் போட்டால் மெஷின் பணம் போதாது என்று நிராகரிக்கும். எத்தனை யூரோ எடுக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், மெஷின் இருப்பதை மட்டும் தானாக எடுத்துக்கொள்ளாது. இதைச் செய்திருந்தால் உங்கள் 1,489 ரூபாயில் பெரும்பகுதி தப்பியிருக்கும். மீதி நூறு யூரோவுக்குக் கிரெடிட் கார்டின் வேற்று நாணயக் கட்டணம் எப்படியும் வந்திருக்கும், அது வேறு கணக்கு.

பாரிஸில் பெரிதாக எதுவும் வாங்கி, விமான நிலையத்தில் வரித் திருப்பத்துக்கு எழுதிக் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் அந்தப் படிவத்தில் எந்தக் கார்டு எண்ணை எழுதினீர்கள் என்று பாருங்கள். அந்தப் பணம் வர சில வாரம் ஆகும். இந்த ஃபாரெக்ஸ் கார்டு எண்ணை எழுதியிருந்தால், மிச்சத்தை எடுத்துவிட்டோம் என்று கார்டையே மூடச் சொல்லி இன்னும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மூடிய கார்டுக்கு வந்த பணம் வந்த வழியே திரும்பிப் போய்விடும், பிறகு அதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.